ஸ்பிரிங்கை இழுத்தால் அந்த மைனஸ் எங்கிருந்து வருகிறது?

விசை F-ஐயும் நிலை ஆற்றல் U-வையும் இணைக்கிற F = -dU/dx என்ற வரியை முதல் தடவை பார்க்கும்போது நம்மில் பலரும் செய்வது மனப்பாடம் பண்ணிவிட்டு நகர்ந்துவிடுவதுதான். நானும் அதைத்தான் செய்தேன். U = ½kx² என்றால் வகைக்கெழு எடு, kx வரும், முன்னால் ஒரு மைனஸ் போடு, F = -kx, மதிப்பெண் கைக்கு வந்துவிடும். "சரி, அந்த மைனஸ் எதுக்கு?" என்று யாராவது கேட்டால், "ஹூக் விதியிலேயே மைனஸ் இருக்கிறதே" என்று சொல்லித் தப்பிப்பேன். கேட்ட கேள்வியையே பதிலாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அதனால் இங்கே ஒரே ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு, எண்களைப் போட்டு, மெதுவாகப் பார்ப்போம். வகைக்கெழு என்றால் வரைபடத்தின் சாய்வு என்ற அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

வழுவழுப்பான ஒரு மேசை, உராய்வே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கின் ஒரு முனை சுவரில் பொருத்தியிருக்கிறது, மறுமுனையில் ஒரு சின்னக் கட்டை. ஸ்பிரிங் இழுபடாமலும் அமுங்காமலும் சும்மா கிடக்கும்போது கட்டை இருக்கும் இடம் x = 0. வலப்பக்கம் போனால் x கூட்டல், அதாவது ஸ்பிரிங் நீள்கிறது. இடப்பக்கம் போனால் x கழித்தல், ஸ்பிரிங் அமுங்குகிறது. சுருள்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிற ஸ்பிரிங்தான் இது, இல்லாவிட்டால் அமுக்க முடியாது. ஸ்பிரிங்கின் விசை மாறிலி k = 200 நியூட்டன்/மீட்டர். ஒரு சென்டிமீட்டர் இழுத்துப் பிடிக்க 2 நியூட்டன் வேண்டும் என்று அர்த்தம், ஏறக்குறைய 200 மில்லி தண்ணீரைக் கையில் தாங்கினால் தெரிகிற பாரம். ரொம்ப முரட்டு ஸ்பிரிங் இல்லை, ரொம்பத் தளர்ந்ததும் இல்லை.

இப்போது கட்டையைப் பிடித்து 10 சென்டிமீட்டர் இழுக்கிறோம், மிக மெதுவாக. மெதுவாக என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கட்டைக்கு வேகம் வந்துவிட்டால் நாம் கொடுக்கிற ஆற்றலில் கொஞ்சம் அந்த வேகத்துக்குப் போய்விடும், கணக்கு கலங்கிவிடும். மெதுவாக இழுத்தால் நாம் செய்த வேலை முழுக்க ஸ்பிரிங்குக்குள் நிலை ஆற்றலாகச் சேரும்.

எவ்வளவு சேரும்? கடைசியில் நம் கை 20 நியூட்டன் விசை கொடுக்கிறது, நகர்ந்த தூரம் 0.1 மீட்டர், பெருக்கினால் 2 ஜூல் என்று எழுதத்தான் கை போகும். அது தப்பு. ஆரம்பத்தில் ஸ்பிரிங் எதிர்ப்பே காட்டவில்லை, போகப் போகத்தான் இறுகியது. விசை 0-வில் தொடங்கி 20 வரை ஒரே சீராக ஏறியிருக்கிறது, ஆக சராசரி 10 நியூட்டன். 10 × 0.1 = 1 ஜூல். ½kx² சூத்திரத்தில் இருக்கிற அந்த அரை வேறு எங்கிருந்தும் வரவில்லை, இந்தச் சராசரியில் இருந்துதான் வருகிறது. விசையைச் செங்குத்து அச்சிலும் தூரத்தைக் கிடையச்சிலும் வைத்து வரைந்தால் கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணம் கிடைக்கும், அதன் பரப்பு இதே 1 ஜூல்.

நம் ஸ்பிரிங்குக்கு ½k = 100, எனவே U = 100x². 5 செ.மீ.யில் 0.25 ஜூல், 10 செ.மீ.யில் 1 ஜூல், 11 செ.மீ.யில் 1.21 ஜூல்.

இனி கேள்வியைத் திருப்பிப் போடுவோம். ஸ்பிரிங்கை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் கையில் ஒரு தாள் மட்டும் இருக்கிறது, எந்த இடத்தில் எத்தனை ஜூல் என்று எழுதிய தாள். விசையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கட்டை 10 செ.மீ.யில் இருக்கும்போது விசை எவ்வளவு என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும். 10-ல் இருந்து 11-க்கு ஒரு சென்டிமீட்டர் நகர்த்த எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று பாருங்கள்: 1.21 - 1 = 0.21 ஜூல். வேலை என்பது விசை பெருக்கல் தூரம், அப்படியானால் விசை என்பது வேலையைத் தூரத்தால் வகுத்தது. 0.21 ÷ 0.01 = 21 நியூட்டன்.

ஆனால் 10 செ.மீ.யில் விசை 20 நியூட்டன் என்று நமக்கு ஏற்கெனவே தெரியுமே, இந்த ஒரு நியூட்டன் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது? கணக்கில் பிழை இல்லை. அந்த ஒரு சென்டிமீட்டரைக் கடக்கும்போதே விசை 20-ல் இருந்து 22 வரை ஏறிவிட்டது, நாம் கண்டுபிடித்தது அந்த நடைக்கான சராசரி. நமக்கு வேண்டியதோ 10 செ.மீ. என்ற ஒரு புள்ளியில் உள்ள விசை. எனவே அடியைச் சின்னதாக்குவோம். ஒரு மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தினால் U = 100 × 0.101² = 1.0201, வித்தியாசம் 0.0201 ஜூல், 0.001 மீட்டரால் வகுத்தால் 20.1. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்த்தினால் 20.01. அடி சுருங்கச் சுருங்க அந்த ஒட்டுத்தொகையும் அதே விகிதத்தில் தேய்ந்துகொண்டே போகிறது, எண் 20-ஐ நெருங்கிக்கொண்டே வருகிறது. dU/dx என்று எழுதுவது இதைத்தான். சூத்திரத்தால் வகைக்கெழு எடுத்தாலும் 200x, x = 0.1 போட்டால் 20. அலகும் ஒத்துப்போகிறது, ஜூலை மீட்டரால் வகுத்தால் நியூட்டன்தான்.

(ஒரு சின்னக் குறுக்குவழி. தாளில் 9 செ.மீ.க்கும் 11 செ.மீ.க்கும் மட்டும் எண் இருக்கிறது என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள்: 1.21 - 0.81 = 0.40, வகுத்தல் 0.02, துல்லியமாக 20. முன்பக்கம் ஏறிய பிழையும் பின்பக்கம் இறங்கிய பிழையும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. U பரவளையமாக இருப்பதால் இங்கே மிச்சமே இல்லாமல் அடிபடுகிறது, வேறு வடிவமாக இருந்தால் கொஞ்சம் மிச்சம் நிற்கும். சோதனையில் எடுத்த அட்டவணையை வைத்து விசை கண்டுபிடிக்க வேண்டிவந்தால் இந்த வழியைத்தான் பயன்படுத்துவேன்.)

இப்போது மைனஸ். நாம் கண்டுபிடித்த +20 நியூட்டன் யாருடைய விசை? நம் கையினுடையது. ஸ்பிரிங்குக்குள் ஆற்றலை ஏற்றியது நாம், வலப்பக்கம் இழுத்தது நாம். ஆனால் F = -dU/dx என்பதில் உள்ள F கையின் விசை இல்லை; கட்டையின் மேல் ஸ்பிரிங் செலுத்தும் விசை. மெதுவாக இழுக்கும்போது இரண்டும் அளவில் சமம், திசையில் எதிர். அவ்வளவுதான் மைனஸ், என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் கை என்ற ஒன்று இல்லாதபோதும் அந்த மைனஸ் இருக்கிறது, அதனால் இன்னொரு பக்கத்தில் இருந்தும் பார்த்துவிடுவது நல்லது.

கையை எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் கட்டையை இடப்பக்கம் இழுக்கிறது, கட்டையும் இடப்பக்கம் நகர்கிறது. விசையும் நகர்வும் ஒரே திசை, ஆகவே ஸ்பிரிங் செய்யும் வேலை கூட்டல் எண். அந்த வேலைக்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? ஸ்பிரிங்கின் இருப்பில் இருந்துதான், வேறு போக்கிடம் இல்லை. ஸ்பிரிங் 0.1 ஜூல் வேலை செய்தால் U 0.1 ஜூல் குறைய வேண்டும். இருப்பில் ஏற்படும் மாற்றம் ΔU, செய்த வேலை F·Δx, ஆக F·Δx = -ΔU. இரண்டு பக்கத்தையும் Δx-ஆல் வகுத்து அடியைச் சுருக்கினால் F = -dU/dx. மைனஸ் இயற்கையில் எங்கோ ஒளிந்திருந்த மர்மம் ஒன்றும் இல்லை. செலவழித்தால் இருப்பு குறையும் என்ற வரவுசெலவுக் கணக்கு.

பலரும் சறுக்குகிற இடம் ஒன்று இதற்குள் இருக்கிறது. மைனஸ் இருப்பதால் விசை எப்போதும் கழித்தல் எண்ணாக வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். கட்டையை மறுபக்கம் தள்ளி, x = -0.1 வரை ஸ்பிரிங்கை அமுக்கிப் பாருங்கள். U அங்கேயும் 1 ஜூல்தான், வர்க்கத்துக்குக் கூட்டலும் கழித்தலும் ஒன்று. ஆனால் சாய்வு ஒன்று இல்லை. x கூடுகிற திசையில், அதாவது -10-ல் இருந்து -9 செ.மீ.க்கு வந்தால் U 1-ல் இருந்து 0.81-க்கு இறங்குகிறது. சாய்வு கழித்தல், அடியைச் சுருக்கினால் -20. அதற்கு முன்னால் சூத்திரத்தின் மைனஸ் வந்து சேர்ந்தால் F = +20, வலப்பக்கம். அமுக்கிய ஸ்பிரிங் கட்டையை வெளியே தள்ளுகிறது, சரியாகத்தான் இருக்கிறது. ஒரே சூத்திரம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது, நாம் தனியாகத் திசை யோசித்து ஒட்டவைக்க வேண்டியதில்லை. மைனஸ் சொல்வது இவ்வளவுதான்: U எந்தப் பக்கம் ஏறுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் விசை இருக்கும்.

இரண்டு இடத்திலும் ஒரே 1 ஜூல், விசையோ நேர் எதிர். ஆகவே U எவ்வளவு இருக்கிறது என்பதில் விசை இல்லை. U எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதில் இருக்கிறது. F = -U/x என்று போட்டுவிடுகிறவர்களும் உண்டு, வகைக்கெழுவை வெறும் வகுத்தலாக நினைத்து. அப்படிப் போட்டால் 10 நியூட்டன் அளவு வரும், சரியான விடையில் பாதி. அந்த 10-ஐ ஏற்கெனவே சந்தித்திருக்கிறோம்: 0-வில் இருந்து 10 செ.மீ. வரைக்குமான முழு நடையின் சராசரி விசை அது. வரைபடத்தில், ஆரம்பப் புள்ளியில் இருந்து நேராக இழுத்த கோட்டின் சாய்வு. நமக்கு வேண்டியது அந்தப் புள்ளியில் வளைவைத் தொட்டுச் செல்லும் தொடுகோட்டின் சாய்வு.

இதே காரணத்தால் U-வின் பூச்சியத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் விசைக்கு ஒரு பொருட்டே இல்லை. தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணோடும் 5 ஜூலைக் கூட்டிவிடுங்கள். 6 ஜூல், 6.21 ஜூல், வித்தியாசம் அதே 0.21.

U = 100x²-ஐ வரைந்தால் கிண்ணம் போல ஒரு பரவளையம் வரும். அதில் ஒரு கோலி உருள்வதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொல்வார்கள், உதவியான படம்தான், நானும் சொல்வதுண்டு. ஆனால் நம் கட்டை மேலேயும் போகவில்லை கீழேயும் இறங்கவில்லை, மேசை மேல் இடமும் வலமுமாகத்தான் ஓடுகிறது. படத்தில் உயரமாகத் தெரிவது ஆற்றல். இதை மறந்துவிட்டு, படத்தில் உள்ள சரிவின் திசையிலேயே விசையை அம்புக்குறியாக வரைந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விசை x அச்சோடு மட்டும்தான், ஒரு பரிமாணத்தில் வேறு திசையே கிடையாது.

கிண்ணத்தின் அடியில், x = 0-வில், சாய்வு பூச்சியம், விசையும் பூச்சியம். அதனால் கட்டை அங்கே வந்து நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. 10 செ.மீ.யில் இருந்து விட்ட கட்டையின் நிறை அரை கிலோ என்றால், அடியை எட்டும்போது 1 ஜூலும் இயக்க ஆற்றலாகியிருக்கும், ½ × 0.5 × v² = 1, வேகம் நொடிக்கு 2 மீட்டர். விசை இல்லாத இடத்தில்தான் அது இருப்பதிலேயே வேகமாகப் போகிறது.

சரி, அப்புறம் ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டுப் பார்ப்போம், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் புரிந்ததா இல்லையா என்பது இங்கேதான் தெரியும். அதே ஸ்பிரிங், மேல் முனை கூரையில், கீழ் முனையில் 1 கிலோ எடைக்கல். இப்போது x-ஐக் கீழ்நோக்கிக் கூட்டலாக எடுத்துக்கொள்கிறேன். கல் கீழே இறங்க இறங்க ஈர்ப்பின் நிலை ஆற்றல் குறைகிறது, ஸ்பிரிங்கினுடையது கூடுகிறது. மொத்தம் U = 100x² - 9.8x. கல் எங்கே நிற்கும்?

இதற்கு வரும் பிரபலமான தப்பு விடை: "ஈர்ப்பு இழந்த ஆற்றல் ஸ்பிரிங்குக்குப் போகிறது, எனவே 9.8x = 100x², x = 9.8 செ.மீ." பார்க்க நியாயமாகவே இருக்கிறது, ஆற்றல் அழியாது என்றுதானே படித்தோம். ஆனால் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது விசை, விசையைத் தருவது சாய்வு. dU/dx = 200x - 9.8, அதனால் F = 9.8 - 200x. இது பூச்சியமாவது x = 0.049 மீட்டரில், அதாவது 4.9 செ.மீ.யில். அந்தத் தப்பு விடையில் சரியாகப் பாதி.

9.8 செ.மீ.யில் உண்மையில் என்ன நடக்கிறது? அங்கே மொத்த U பூச்சியம், கிளம்பிய இடத்தில் இருந்த அதே அளவு. ஆனால் சாய்வு 200 × 0.098 - 9.8 = 9.8, எனவே விசை -9.8 நியூட்டன், மேல்நோக்கி. கல் அங்கே நிற்கவே முடியாது. கல்லை மாட்டிவிட்டுக் கையைப் படக்கென்று எடுத்தால் அது போய்த் திரும்புகிற கடைசி இடம் அது. ஒரு கணம் வேகம் பூச்சியம், உடனே மேலே இழுக்கப்படும். கையால் தாங்கியபடி மெல்ல இறக்கினால்தான் 4.9-ல் அமைதியாக நிற்கும். அப்போது ஈர்ப்பின் கணக்கில் 0.48 ஜூல் குறைந்திருக்கும், ஸ்பிரிங்கில் 0.24 ஜூல்தான் சேர்ந்திருக்கும். மீதிப் பாதி? தாங்கிக்கொண்டே இறக்கிய கை எடுத்துக்கொண்டது. மொத்த U இங்கே -0.24 ஜூல். ஆற்றல் கழித்தல் எண்ணில் வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், பூச்சியம் எங்கே என்பது நாமே வைத்துக்கொண்டதுதான்.

இனி, இந்தச் சூத்திரம் எங்கே கைவிடும்? ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு U இருந்தால்தான் சாய்வு என்ற பேச்சே எழும். உராய்வுக்கு அது கிடையாது: மேசை சொரசொரப்பாக இருந்தால், ஒரே இடத்தில் கட்டை வலப்பக்கம் போகும்போது உராய்வு இடப்பக்கம், இடப்பக்கம் போகும்போது வலப்பக்கம். இடத்தை மட்டும் சொன்னால் விசை தெரியாது என்ற நிலை வந்துவிட்டது, அதற்கு U எழுத முடியாது. ரப்பர் பேண்டிலும் இதே தொல்லை கொஞ்சம் உண்டு. இழுக்கும்போது தேவைப்படுகிற விசையைவிட விடும்போது அது திருப்பித் தருவது குறைவு, வித்தியாசம் வெப்பமாகிறது. எஃகு ஸ்பிரிங் நல்ல பிள்ளை, மீள் எல்லைக்குள் இழுக்கும் வரை. அதைத் தாண்டி இழுத்துவிட்டால் பழைய நீளத்துக்கே திரும்பாது, உங்கள் x = 0 நகர்ந்துவிடும், கையில் உள்ள தாள் வேறொரு ஸ்பிரிங்கின் தாளாகிவிடும்.

இன்னொன்று, செய்முறையில் நிறையப் பேரைக் குழப்புவது. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளியே இல்லாமல் சுற்றிய இழுவை ஸ்பிரிங்குகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைச் சுற்றும்போதே ஒரு முன்னிறுக்கம் சேர்ந்துவிடுவது வழக்கம். அதை மீறும் வரை ஸ்பிரிங் அசையாது. அந்த இறுக்கம் 3 நியூட்டன், k அதே 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது U = 3x + 100x², ஸ்பிரிங்கின் விசை F = -(3 + 200x). 10 செ.மீ.யில் அளவு 23 நியூட்டன். ஹூக் விதிதானே என்று விசையைத் தூரத்தால் நேரடியாக வகுத்தால் k = 230 என்று வரும். 5 செ.மீ.யில் அதையே செய்தால் 13 ÷ 0.05 = 260. ஒரே ஸ்பிரிங்குக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு மாறிலி கிடைத்தால், ஸ்பிரிங்கைச் சந்தேகப்படாமல், வரைகோட்டை வலுக்கட்டாயமாகப் பூச்சியப் புள்ளி வழியே இழுத்தோமா என்று பாருங்கள். 5-க்கும் 10-க்கும் இடையில் விசை 10 நியூட்டன் கூடியிருக்கிறது, தூரம் 0.05 மீட்டர், k = 200, அது மாறவே இல்லை.

இந்த ஸ்பிரிங்கின் U-வை வரைந்தால் அடியில் வழவழப்பான கிண்ணம் வராது. x = 0-வில் கோடு 3 நியூட்டன் சாய்வோடு சட்டென்று கிளம்பும், இடப்பக்கமோ சுருள்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதால் சுவர் மாதிரி செங்குத்தாக எழும். அந்த மூலையில் சாய்வு எவ்வளவு என்று கேட்டால் ஒரு பதில் கிடையாது, வகைக்கெழுவே அங்கே இல்லை. அந்த இடத்தில் ஸ்பிரிங்கை நீங்கள் 1 நியூட்டனால் இழுத்தால் அது 1 நியூட்டனால் பதில் சொல்லும், 2 நியூட்டனால் இழுத்தால் 2; 3-ஐத் தாண்டினால்தான் முதல் இடைவெளி திறக்கும்.